ஐநூறு ரூபாய்ச் சீட்டும் பாதிக் கணக்கும்

லாட்டரி என்பது கணக்குத் தெரியாதவன் கட்டும் வரி. படித்தவர்கள் கூடும் இடத்தில் இந்த வாக்கியத்தைச் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. கல்லூரிப் பேராசிரியர், வங்கி மேலாளர், பிளஸ் டூ நிகழ்தகவுப் பாடம் நடத்தும் ஆசிரியர் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு அதன் விலையைவிடக் குறைவு. ஆகவே வாங்குவது முட்டாள்தனம். ஒவ்வொரு பரிசையும் அது விழுவதற்கான வாய்ப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது எதிர்பார்ப்பு மதிப்பு. ஐநூறு ரூபாய் கொடுத்து வாங்கும் சீட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை நூற்றைம்பதுகூட வராது என்றால், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

பேச நிறைய இருக்கிறது. கணக்கில் தப்பில்லை. "ஆகவே" என்ற சொல்லில்தான் தப்பு. அந்த ஒரு சொல்லால், வருஷத்துக்கு ஒரு சீட்டு வாங்குகிறவனும் நாள்தோறும் ஐந்து சீட்டு வாங்குகிறவனும் ஒரே முட்டாள் ஆகிவிடுகிறார்கள். முதலாமவனுக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டாமவன் குடும்பம் அழிகிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத கணக்கை வைத்துக்கொண்டு நாம் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது.

களமருதூர் பக்கத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உளுந்தூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கூலி வேலைக்கு வெளிமாநிலம் போகிறவர்கள் நிறைய. கேரளத்துக்குப் போகிறவன் ஓணம் சமயத்தில் அங்கே பம்பர் சீட்டைப் பார்க்கிறான். ஊரிலேயே இருக்கிறவனைத் தேடி மூன்று நம்பர் சீட்டு வருகிறது. 1968-ல் அண்ணா ஆட்சியில் தொடங்கிய அரசுப் பரிசுச் சீட்டு, இடையில் நிறுத்தப்பட்டு மீண்டும் வந்து, கடைசியில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் எல்லா லாட்டரியோடும் சேர்ந்து தடைசெய்யப்பட்டது. தடை வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் சீட்டு போகவில்லை. ஆகவே இரண்டு சீட்டையும் எடுத்துவைத்து முழுசாகக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் பம்பர். 2023-ம் ஆண்டு கேரள அரசின் திருவோணம் பம்பரை எடுத்துக்கொள்கிறேன். அந்த வருஷம் 25 கோடி முதல் பரிசு விழுந்தது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போன நான்கு பேர் வாளையாரில் சேர்ந்து வாங்கிய சீட்டு அது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் தமிழ்நாட்டின் எந்த டீக்கடையிலும் இந்தப் பேச்சுத்தான்.

சீட்டு விலை 500 ரூபாய். பத்து வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க எண்கள், அதாவது ஒரு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை. வரிசைக்கு ஒன்பது லட்சம் சீட்டு. மொத்தம் 90 லட்சம். பரிசுப் பட்டியல் இந்த 90 லட்சத்தை வைத்து அமைக்கப்பட்டது. முதல் பரிசு 25 கோடி, ஒருவருக்கு. இரண்டாம் பரிசு ஒரு கோடி வீதம் 20 பேருக்கு. மூன்றாம் பரிசு 50 லட்சம் வீதம் 20 பேருக்கு. அதற்குக் கீழே ஐந்து லட்சம் வீதம் 10 பேர், இரண்டு லட்சம் வீதம் 10 பேர். முதல் பரிசு எண்ணே மற்ற ஒன்பது வரிசைகளில் இருந்தால் ஆறுதல் பரிசாக ஐந்து லட்சம். இவ்வளவும் சேர்த்து 70 பேர். இவர்களுக்குப் போகும் தொகை 56 கோடியே 15 லட்சம்.

மீதி எல்லாம் சில்லறைப் பரிசு. கடைசி நான்கு இலக்கம் பொருந்தினால் 5,000, 2,000, 1,000, 500 என்று நான்கு படிகள். இவற்றுக்குப் போகும் தொகை 69 கோடியே 39 லட்சம். ஆக மொத்தப் பரிசு 125 கோடியே 54 லட்சம். பரிசு பெறும் சீட்டுகள் 5,34,670.

இனி வகுத்துப் பார்க்கலாம். 125 கோடியே 54 லட்சத்தை 90 லட்சத்தால் வகுத்தால் 139 ரூபாய் 49 காசு. இதுதான் அந்த 500 ரூபாய்ச் சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு. இதில் முதல் பரிசின் பங்கு 28 ரூபாய்கூட இல்லை. எல்லோரும் கனவு காண்கிற 25 கோடி, ஒரு சீட்டுக்கு 27 ரூபாய் 78 காசாகச் சுருங்கி நிற்கிறது. உண்மையில் அந்த வருஷம் விற்றது சுமார் 75 லட்சத்து 76 ஆயிரம் சீட்டுகள். பெரிய பரிசுகள் எல்லாமே விற்ற சீட்டுகளுக்குத்தான் போயின என்று வாங்குபவருக்குச் சாதகமாக வைத்துக்கொண்டாலும் மதிப்பு 152-ஐத் தாண்டாது. அதற்குப் பிறகு வெட்டு உண்டு. பெரிய பரிசில் ஏஜெண்டுக்கு நூற்றுக்குப் பத்து, மிச்சத்தில் வருமான வரியாக நூற்றுக்கு முப்பது. 25 கோடி விழுந்தவர் கையில் முதலில் கிடைப்பது 15 கோடியே 75 லட்சம். கூடுதல் வரி இதற்குப் பிறகு வரும். பெரிய பரிசுகள் அனைத்திலும் இந்த இரண்டையும் கழித்தால் சீட்டின் மதிப்பு 116 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

வாத்தியார் இங்கே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். 500 கொடுத்து 116 பெறுகிறாய், முடிந்தது கணக்கு என்பார்.

ஆனால் அந்த 116-ஐயோ 139-ஐயோ யாராவது பெற்றார்களா? ஒருவர்கூட இல்லை. அந்தத் தொகையில் பரிசே கிடையாது. நூறு சீட்டில் தொண்ணூற்று நான்குக்கு ஒன்றுமே விழாது. விழும் ஆறிலும் பாதிக்கு மேல் போட்ட ஐநூறு திரும்பி வருவதோடு சரி. 5,000-க்கு மேல் பரிசு விழ வாய்ப்பு 1,28,571-ல் ஒன்று. முதல் பரிசுக்கு 90 லட்சத்தில் ஒன்று. எதிர்பார்ப்பு மதிப்பு ஒரு சராசரி. பல லட்சம் முறை விளையாடினால் ஒரு முறைக்கு எவ்வளவு வரும் என்று அது சொல்லும். ஒரே ஒரு முறை விளையாடுகிறவனுக்கு என்ன நடக்கும் என்று அது சொல்லாது. 

சராசரி எதிர்மறையாக இருந்தாலே முட்டாள்தனம் என்கிறவர்கள் தங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்க்கட்டும். ஒருவர் எட்டு லட்ச ரூபாய் டிராக்டர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் அது முழுசாகப் போய்விடுவதற்கு இருநூறில் ஒரு வாய்ப்பு. பிரீமியம் பத்தாயிரம். எதிர்பார்ப்பு மதிப்பு எட்டு லட்சத்தில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது நாலாயிரம். பத்தாயிரம் கொடுத்து நாலாயிரம் வாங்குகிறார். கம்பெனிக்குச் சம்பளமும் வாடகையும் லாபமும் இதிலிருந்துதான் போகவேண்டும் என்பதால், பிரீமியம் எப்போதும் எதிர்பார்ப்பு மதிப்பைவிட அதிகமாகத்தான் இருக்கும். வாத்தியாரின் விதிப்படி டிராக்டருக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறவரும் முட்டாள்தான். ஆனால் அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பத்தாயிரம் போனால் அவர் சமாளிப்பார். எட்டு லட்சம் போனால் நிலம் போகும். போகிற தொகை அவருடைய சொத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அங்கே முடிவை எடுக்கிறது. சராசரி அதைச் சொல்வதில்லை.

இதைக் கணித உலகம் கண்டுபிடித்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. 1738-ல் டேனியல் பெர்னூலி ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டார். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே போகவேண்டும். தலை விழுவது தள்ளிப்போகப் போகப் பரிசு இரட்டிப்பாகும். கணக்குப் போட்டால் இதன் எதிர்பார்ப்பு மதிப்புக்கு முடிவே கிடையாது. ஆனால் அதில் கலந்துகொள்ளப் பெருந்தொகை கொடுக்கப் புத்தியுள்ள எவரும் முன்வரமாட்டார். ஏன் என்று பெர்னூலி கேட்டார். ஒரு ரூபாயின் பெறுமதி எல்லோருக்கும் ஒன்றல்ல. கையில் இருப்பது கூடக்கூட அடுத்த ரூபாயின் பெறுமதி குறைகிறது என்பது அவர் பதில். இந்தப் பதில் லாட்டரிக்கு ஆதரவானதில்லை. 25 கோடி கிடைத்தவன் வாழ்க்கை ஒரு கோடி கிடைத்தவன் வாழ்க்கையைவிட இருபத்தைந்து மடங்கு மேலாகிவிடாது. எனினும் "சராசரி மட்டும் பார்" என்ற விதியை அது உடைத்துவிட்டது. உடைந்த விதியைத்தான் நாம் இன்னமும் மேடையில் தூக்கிப் பிடிக்கிறோம்.

விதியைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். எதிர்பார்ப்பு மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் வாங்குவது புத்திசாலித்தனமா? அப்படி ஒரு லாட்டரி நடந்திருக்கிறது. 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பரிசு யாருக்கும் விழாமல் சேர்ந்து சேர்ந்து இரண்டு கோடியே எழுபது லட்சம் டாலர் ஆகிவிட்டது. 44 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு. மொத்தச் சேர்க்கைகள் 70,59,052. சீட்டு ஒரு டாலர். எல்லாச் சேர்க்கையையும் வாங்கினாலும் எழுபது லட்சம் டாலர்தான் செலவு. ருமேனியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஸ்டீபன் மாண்டல் என்பவரின் கூட்டமைப்பு, ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி, எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கிவிடக் கிளம்பியது. நேரம் போதாமல் ஏறத்தாழ ஐம்பது லட்சம் சீட்டுகள்தான் வாங்க முடிந்தது. அந்த ஐம்பது லட்சத்தில் பரிசு இருந்தது.

எதிர்பார்ப்பு மதிப்பு மாண்டலுக்குப் பயன்பட்டது. ஏனென்றால் அவர் வாங்கியது பத்தில் ஏழு பங்கு சீட்டுகளை. அதே வாரம் வர்ஜீனியாவில் ஒரே ஒரு சீட்டு வாங்கிய ஒரு தச்சருக்கு அந்த மதிப்பால் என்ன பயன்? அவருக்கும் அதே கணக்கு, அதே லாபச் சராசரி. ஆனால் அவர் சீட்டு எழுபது லட்சத்தில் ஒன்று. அவர் ஆயுள் முழுதும் அப்படிப்பட்ட லாபகரமான சீட்டாகவே பார்த்து வாங்கியிருந்தாலும் பெரிய பரிசு விழாமல்தான் போயிருக்கும். நல்ல சராசரி அவரைக் காப்பாற்றாது என்றால், கெட்ட சராசரியைக் காட்டி அவரைப் பயமுறுத்துவதும் பொருந்தாது. கேரளச் சீட்டில் பரிசு அடுத்த குலுக்கலுக்குச் சேர்வதில்லை என்பதால் அங்கே மாண்டலுக்கும் இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 90 லட்சத்தையும் ஒருவரே வாங்கினால் அவர் 450 கோடி கொடுத்து 125 கோடியே 54 லட்சம் பெறுவார்.

அப்படியென்றால் எதிர்பார்ப்பு மதிப்பு யாருக்கு உண்மை? திரும்பத் திரும்ப விளையாடுகிறவருக்கு. முதலில் அரசுக்கு: பல லட்சம் சீட்டு விற்கும் லாட்டரித் துறைக்கு 139 ரூபாய் என்பது அப்படியே நடந்தேறும் செலவுக் கணக்கு. அடுத்து ஏஜெண்டுக்கு. மூன்றாவதாக, தினமும் வாங்குகிறவனுக்கு.

பம்பர் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒன்று என்று நாற்பது வருஷம் வாங்கினால் என்ன ஆகும்? அதே விலையில் மொத்தம் இருபதாயிரம் ரூபாய். 139-ல் 62 ரூபாய் அந்த எழுபது பெரிய பரிசுகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. நாற்பது வருஷத்தில் அவற்றில் ஒன்று அவனுக்கு விழ வாய்ப்பு மூவாயிரத்து இருநூறில் ஒன்று. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சீட்டுக்கு 77 ரூபாய். நாற்பது வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஐநூறோ ஆயிரமோ விழும், அவ்வளவுதான். ஆக வாத்தியார் கணக்கின் 139 அவனுக்கு மிகையான தொகை. அந்தக் கணக்கு லாட்டரியைத் திட்டுகிறது என்று நினைத்தோம். சாதாரண ஆளைப் பொறுத்தவரை அது லாட்டரியைப் புகழ்கிறது. ஆயினும் இழப்பு இருபதாயிரத்துக்குள்தான், அதுவும் நாற்பது வருஷத்தில். பண்டிகைக்குப் பட்டாசு வாங்கிக் கொளுத்துகிறவன் இதைவிட அதிகம் செலவு செய்கிறான்; அவனிடம் போய்ப் பட்டாசின் எதிர்பார்ப்பு மதிப்பு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இனி மூன்று நம்பர் சீட்டுக்கு வருவோம். இது லாட்டரியே இல்லை. கேரள அரசு தினமும் பிற்பகலில் நடத்தும் குலுக்கலின் முடிவில் கடைசி மூன்று இலக்கம் என்ன என்பதன் மேல் கட்டும் பந்தயம். அச்சடித்த சீட்டு வேண்டாம். துண்டுத்தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும், இப்போது செல்போனிலேயே அனுப்பிவிடலாம். விலையும் பரிசும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: சீட்டு 60 ரூபாய்; மூன்று இலக்கமும் பொருந்தினால் 25,000; கடைசி இரண்டு மட்டும் என்றால் 1,000; கடைசி ஒன்று மட்டும் என்றால் 100.

ஆயிரம் எண்களில் ஒன்று உங்களுடையது. அதற்கு 25,000 என்றால் சீட்டுக்கு 25 ரூபாய். கடைசி இரண்டு மட்டும் பொருந்துவது ஆயிரத்தில் ஒன்பது. அதற்கு 9 ரூபாய். கடைசி ஒன்று மட்டும் பொருந்துவது ஆயிரத்தில் தொண்ணூறு. அதற்கும் 9 ரூபாய். கூட்டினால் 43. அறுபதுக்கு நாற்பத்து மூன்று என்றால் நூற்றுக்கு எழுபத்திரண்டு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கவேண்டும். அரசு நடத்தும் பம்பரில் போட்ட நூறுக்கு 28 திரும்புகிறது. சந்தில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயத்தில் நாம் வைத்துக்கொண்ட விகிதப்படி 72 திரும்புகிறது. எதிர்பார்ப்பு மதிப்புதான் ஒரே அளவுகோல் என்றால், மூன்று நம்பர் வாங்குகிறவன் பம்பர் வாங்குகிறவனைவிட இரண்டரை மடங்கு புத்திசாலி. "லாட்டரி முட்டாள் வரி" என்று சொல்கிறவர்கள் இந்த முடிவையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஏற்கமாட்டார்கள். எந்தச் சீட்டு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது என்று இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று பெண் பிள்ளைகளோடு சேர்ந்து, உயிரிழந்தது. மூன்று நம்பர் சீட்டும் அது ஏற்றிவைத்த கடனும்தான் பின்னணி என்று அன்று தமிழ்நாடே பேசியது. அந்தச் சீட்டின் சராசரி பம்பரைவிட மோசம் என்பதால் அது நடக்கவில்லை.

வேகத்தால் நடந்தது. ஓணம் பம்பர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. விலை ஐநூறு; போனால் போனது, அடுத்தது அடுத்த ஓணத்துக்கு. மூன்று நம்பர் தினமும் வருகிறது. விலை சின்னது, முடிவு சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், பத்தில் ஒரு தடவை ஏதாவது விழுகிறது. விழுந்த நூறை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அதுவும் மறுநாள் சீட்டாகிறது. நூறு ரூபாய் ஒரு சுற்றில் சராசரியாக 72 ஆகும். அதைத் திரும்பப் போட்டால் 51. நான்காம் சுற்றில் 26. ஏழாம் சுற்றில் பத்து ரூபாய்க்கும் கீழே. பம்பர் நூறை ஒரே அடியில் 28 ஆக்குகிறது. மூன்று நம்பர் அதே வேலையை நாலு நாளில் முடித்துவிட்டு ஐந்தாம் நாளும் வந்து நிற்கிறது. சேதத்தைக் கணக்கிட ஒரு சீட்டின் சராசரி போதாது. ஒரு சீட்டில் போகும் தொகையை, எத்தனை தடவை வாங்குகிறான் என்பதால் பெருக்கவேண்டும். அந்தப் பெருக்கலைத்தான் மேடைக் கணக்கு விட்டுவிடுகிறது.

பெருக்கிப் பார்ப்போம். தினமும் ஐந்து சீட்டு; வெவ்வேறு நாளைக்கு வெவ்வேறு எண்கள். ஒரு நாளைக்கு 300 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336. அதாவது ஏறத்தாழ ஒரு நாள் கூலி முழுவதும். வருஷத்தில் முந்நூறு நாள் வாங்கினால் போடுவது 90,000. சராசரியாகத் திரும்புவது 64,500, போவது 25,500. இவனுக்கு எதிர்பார்ப்பு மதிப்பு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஆயிரத்து ஐந்நூறு சீட்டு வாங்குகிறான். வருஷக் கடைசியில் அந்தச் சராசரி அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஒரு வருஷம் 25,000 ஒருதடவை விழலாம், இரண்டு தடவையும் விழலாம். அப்போது அவன் ஜெயித்துவிட்டதாக ஊரே பேசும். வருஷங்கள் கூடக்கூட சராசரியிலிருந்து தப்புவது கடினமாகிக்கொண்டே போகும்.

தினம் ஒரே ஒரு சீட்டு வாங்குகிறவன் கதை இன்னொரு விதம். முந்நூறு நாளில் போடுவது 18,000. அவனுக்கு வருஷத்தில் ஒருமுறைகூட மூன்று இலக்கமும் பொருந்தாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 74. நான்கு பேரில் மூன்று பேருக்குச் சில்லறைப் பரிசு மட்டும்தான், சுமார் 5,400. போனது 12,600. நான்காவது ஆளுக்கு 25,000 விழுகிறது. அவனைப் பார்த்து மற்ற மூன்று பேரும் அடுத்த வருஷமும் போடுகிறார்கள். இதற்கு மேல், பரிசு விழுந்தால் பணம் கையில் வரும் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்வதில்லை. பெரிய தொகை விழுந்த அன்று ஏஜெண்டின் போன் அணைந்துவிட்டால் போய்ப் புகார் கொடுக்க இடமும் இல்லை. அந்த ஆபத்தைச் சேர்த்தால் 43 ரூபாய் எவ்வளவாகக் குறையும் என்பது ஏஜெண்டின் நாணயத்தைப் பொறுத்தது.

இப்போது எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்றையும் பார்த்துவிடவேண்டும். சீட்டு வாங்குகிறவன் வாங்குவது பணத்தை இல்லை, நம்பிக்கையை. குலுக்கல் நாள்வரை கனவு காண்கிற சுகத்துக்குத்தான் அந்த ஐநூறு. அதற்கு விலைபோட உனக்கு என்ன உரிமை என்கிறார்கள். எதிர்பார்ப்பு மதிப்பை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வாதத்தைக் கேலி செய்வார்கள். நான் அதை முழுசாக ஏற்றுக்கொண்டே பதில் சொல்கிறேன். கனவுக்காகத்தான் வாங்குகிறாய் என்றால் முதல் சீட்டோடு கனவு முழுசாக வந்துவிட்டது. சீட்டே இல்லாதவனுக்கும் ஒரு சீட்டு உள்ளவனுக்கும் இடையே வித்தியாசம் பெரியது: முடியவே முடியாது என்பது, முடியலாம் என்றாகிறது. ஒரு சீட்டுக்கும் பத்துச் சீட்டுக்கும் இடையே இருப்பது 90 லட்சத்தில் ஒன்று என்பதற்கும் ஒன்பது லட்சத்தில் ஒன்று என்பதற்கும் உள்ள வித்தியாசம். எந்த மனிதனும் அதைக் கனவில் உணரமுடியாது. ஆனால் செலவு 500-லிருந்து 5,000 ஆகிவிட்டது. இரண்டாவது சீட்டிலிருந்து அவன் வாங்குவது கனவு இல்லை, வெறும் சராசரி. நூற்றுக்கு 28 திரும்பும் சராசரி. திருப்பூர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து பங்குபோட்டது இதனால்தான் சரியான வழி. பங்குபோடுவதால் எதிர்பார்ப்பு மதிப்பு ஒரு காசும் கூடாது. ஒவ்வொருவர் கையிலிருந்தும் போகும் தொகை கால்பங்கு ஆகிறது. கனவு அப்படியே இருக்கிறது.

நம்பிக்கை வாதம் மூன்று நம்பரிடம் வந்தால் செத்துவிடுகிறது. அங்கே பெரிய பரிசே 25,000. அது வாழ்க்கையை மாற்றும் தொகை இல்லை. விட்டதைப் பிடிக்கும் தொகை. தினம் ஐந்து சீட்டாக ஒரு வருஷம் போட்டவனுக்கு அது விழுந்தாலும், போட்டதில் பாதிகூட ஆகாது. மாலை வரைக்குமான நம்பிக்கை தினமும் புதிதாக வாங்கப்படவேண்டியது. கனவுக்காக வாங்குகிறேன் என்று பம்பர்காரன் சொல்லலாம். மூன்று நம்பர்காரனால் சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்கள், "போனதை எடுக்கணும்" என்பான். 

எல்லா லாட்டரியும் ஒன்றுதான், வாங்குகிறவன் எல்லாம் ஒன்றுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு இருக்கிறது. கூலிக்காரனிடம் போய் "உன் சீட்டின் மதிப்பு விலையைவிடக் குறைவு" என்றால் அவன் சிரிப்பான். அது அவனுக்கு எப்போதோ தெரியும். நடத்துகிறவன் லாபம் இல்லாமல் நடத்துவானா என்று அவனே கேட்பான். தெரிந்த ஒன்றைப் போதனையாகச் சொன்னதால் அதன்பிறகு நாம் சொல்லும் எதையும் அவன் கேட்கமாட்டான். அவனுக்குத் தெரியாதது வேறு: தான் போன வருஷம் எத்தனை சீட்டு வாங்கினோம் என்ற எண்ணிக்கை. அறுபது அறுபதாகப் போனதால் 18,000 போனது அவன் கண்ணில் படவில்லை. அவனிடம் கேட்கவேண்டியது நிகழ்தகவுக் கேள்வி இல்லை. போன மாதம் எத்தனை சீட்டு, எத்தனை ரூபாய், கடன் வாங்கிப் போட்டது எவ்வளவு, விழுந்ததில் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்ற நாலு கேள்விதான். நாலாவது கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்றால் அவன் தன்னுடைய சராசரியைத் தானே கண்டுபிடித்துவிட்டான்.

ஆகவே புத்திசாலித்தனம் எது என்ற கேள்விக்கு என் பதில் இது. ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதை நடத்துகிறவனின் லாபத்தைச் சொல்லும்; வாங்குகிறவனின் புத்தியை அளக்காது. கடன் வாங்காமல், சோற்றுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உரிய பணத்தைத் தொடாமல், ஓணத்துக்குக் கேரளத்தில் இருக்கும்போது ஒரே ஒரு பம்பர் வாங்குகிறவன் ஐநூறு ரூபாயைச் செலவு செய்தவன். அதை முதலீடு என்று நினைக்காதவரை அவனிடம் குறை ஒன்றும் இல்லை. இரண்டாவது சீட்டை வாங்கும்போதே அவன் சராசரியோடு பேரம் பேசத் தொடங்கிவிடுகிறான். தினமும் வாங்குகிறவனுக்குப் பேரமே முடிந்துவிட்டது. அவன் போடும் ஒவ்வொரு நூறிலும் நடத்துகிறவன் பங்கு ஏற்கெனவே எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. அவனிடம் பரிசு விழாது என்று சொல்லாதீர்கள். விழும், நிச்சயம் எப்போதாவது விழும். விழுந்த பிறகும் நஷ்டம்தான் என்பதைத் தாளில் கூட்டிக் காட்டுங்கள்.